விருந்துக்கு நீளும் சாப்பாட்டு மேசை: ஸ்லைடு, குச்சி, கொண்டி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் நாங்கள் நாலு பேர்தான். பெருநாளைக்கு மச்சான் குடும்பம் வந்தால் பத்துப் பேர் ஆகிவிடுவோம். இப்போது இருப்பது ஐந்தடி மேசை. எவ்வளவு நீட்ட வேண்டும்?

மூன்றடி நீட்டி எட்டடி ஆக்கினால் போதும். ஒருவர் முழங்கை இடிக்காமல் சாப்பிட 24 அங்குலம் வேண்டும். எட்டடி என்பது 96 அங்குலம். நாலு மூலையிலும் மூன்று அங்குலக் கால் நின்றால் கால்களுக்கு இடையில் 90 அங்குலம் மிஞ்சும். பக்கத்துக்கு நாலு பேர், ஆளுக்கு 22 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. நெருக்கம்தான், ஆனால் விருந்தில் அது பொறுத்துக்கொள்ளக்கூடிய நெருக்கம். இரண்டு முனையிலும் ஒவ்வொருவர் உட்கார்ந்தால் கணக்குச் சரி. கீழக்கரைப் பக்கம் சஹன் என்ற பெரிய தட்டைப் பொதுவில் வைத்துத் தரையில் உட்காரும் விருந்தென்றால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டியதே இல்லை, அது வேறு.

இந்த மூன்றடியை ஒரே பலகையாகப் போடாதீர்கள். 36 அங்குல நீளமும் 18 அங்குல அகலமும் ஓர் அங்குலக் கனமும் உள்ள தேக்குப் பலகையே சுமார் 7 கிலோ வரும். அப்படி இரண்டு வைத்துக்கொண்டால் ஒருவரே தூக்கிப் போடலாம், எட்டுப் பேர் வரும் நாளில் ஒன்றை மட்டும் போட்டால் போதும். இதைத்தான் இந்தப் பக்கத்தில் நடுப்பலகை என்கிறேன்.

மேசை செய்யுமுன் கூடத்தை அளந்து பாருங்கள். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்திருக்கச் சுற்றிலும் மூன்றடி வேண்டும். ஆகவே எட்டுக்கு மூன்றடி மேசைக்கு 14 அடிக்கு 9 அடி இடம் தேவை. அது இல்லாத வீட்டில் ஒரு நடுப்பலகையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

கடையில் டிராயர் சேனலையே இரண்டு பக்கமும் போட்டுத் தருகிறேன் என்கிறார்கள். 45 கிலோ தாங்கும் என்று எழுதியிருக்கிறது. போதாதா?

போதாது. அந்த 45 கிலோ, சேனலை டிராயரின் பக்கவாட்டில் செங்குத்தாக நிறுத்திப் போடும்போது தாங்கும் எடை. அதையே மேசைக்கு அடியில் படுக்கவைத்து அடித்தால் தகடு தன் பலவீனமான பக்கத்தைக் காட்டுகிறது. தாங்கும் எடை கால்வாசி அளவுக்கு இறங்கிவிடும்.

வேலையும் வேறு. டிராயர் ஒரு பெட்டிக்குள்ளிருந்து வெளியே வருவது. பெட்டி அசையாது, சேனலின் ஒரு முனை எப்போதும் உறுதியாகப் பிடிபட்டிருக்கும். நீளும் மேசையோ நடுவில் இரண்டாக வெட்டப்பட்டது. ஒவ்வொரு பாதிக்கும் வெளி ஓரத்தில் இரண்டு கால்தான், உள் ஓரத்தில் கால் கிடையாது. தனியாக விட்டால் பாதி மேசை உள்பக்கமாகச் சாய்ந்து விழும். விழாமல் பிடிப்பது, இரண்டு பாதியையும் அடியில் சேர்த்து வழுக்கித் திறக்கும் சட்டமான ஸ்லைடுதான். ஆக, இங்கே ஸ்லைடு வழுக்குவது பாதி வேலை. மீதிப் பாதி, வீட்டுக் கூரையில் உத்திரம் செய்யும் வேலை. சேனல் வழுக்கும், உத்திரமாக நிற்காது. கடையில் திறந்து காட்டும்போது நன்றாகத்தான் இருக்கும். பிரியாணிச் சட்டியை நடுவில் வைத்த பிறகு பாருங்கள்.

அப்படியென்றால் மரத்திலேயே ஸ்லைடு செய்யலாமா? உள்ளூர் ஆசாரியால் முடியுமா?

முடியும். நாலு கால் மேசைக்கு, இந்த ராமநாதபுரக் கடலோரத்தில், நான் முதலில் சொல்வது அதைத்தான். பழைய நீளும் மேசைகள் எல்லாம் மரச்சட்ட ஸ்லைடில் ஓடியவைதான். ஆசாரியிடம் "நாக்கும் காடியும் வைத்து ஒன்றோடொன்று வழுக்கும் மூன்று சட்டம், அப்படி இரண்டு ஜோடி" என்று சொன்னால் புரிந்துகொள்வார். காடி என்ற பள்ளத்தின் வாய் குறுகியும் அடி அகன்றும் இருக்க வேண்டும். நாக்கும் அதே சாய்வில் இருக்க வேண்டும். நேரான நாக்கு வைத்தால் பக்கவாட்டில் கழன்றுவிடும்.

ஏன் மூன்று சட்டம் என்பதை நம் ஐந்தடி மேசையிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேசையின் பக்கச் சட்டங்களுக்குள் கிடைக்கும் நீளம் சுமார் 56 அங்குலம். அதில் 44 அங்குலச் சட்டம் தாராளமாக அடங்கும். இரண்டே சட்டம் வைத்து, ஒன்றை இடது பாதியிலும் மற்றதை வலது பாதியிலும் முடுக்கிவிட்டு 36 அங்குலம் திறந்தால், இரண்டும் ஒன்றையொன்று பிடித்திருப்பது 44-இல் 36 போக வெறும் 8 அங்குலம். எட்டடி மேசையை 8 அங்குலப் பிடிப்பு தாங்காது.

நடுவில் மூன்றாவதாக ஒரு சட்டத்தை நுழையுங்கள். இப்போது 36 அங்குலத் திறப்பு இரண்டு இணைப்பாகப் பிரிகிறது, ஒவ்வொன்றிலும் 18. பிடிப்பு 44-இல் 18 போக 26 அங்குலம். காடிக்குள் நாக்கு ஓட அரை மில்லிமீட்டர் ஆட்டம் விட்டே ஆக வேண்டும். அந்த ஆட்டம் 8 அங்குலத்தில் காட்டும் சாய்வு, 26 அங்குலத்தில் காட்டுவதைப் போல மூன்று மடங்குக்கு மேல். இரண்டு இணைப்பின் ஆட்டத்தையும் கூட்டினால்கூட மூன்று சட்டமே ஜெயிக்கிறது. திறந்தபின் ஒவ்வோர் இணைப்பிலும் சட்ட நீளத்தில் பாதியாவது பிடிப்பில் மிஞ்ச வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் அளவு.

ஒன்றை மறந்துவிட வேண்டாம்: தடுப்புக் குச்சி. நடுச்சட்டம் எதிலும் முடுக்கப்படாமல் மிதப்பது. தடுப்பு இல்லாவிட்டால் இழுக்கும்போது ஓர் இணைப்பே 36 அங்குலமும் திறந்துகொள்ளும், மற்றது மூடியே கிடக்கும். நீங்கள் வாங்கிய மூன்று சட்டம் இரண்டு சட்டமாகிவிடும். ஒவ்வோர் இணைப்பும் 19 அங்குலத்துக்கு மேல் போகாதபடி காடியில் குச்சி அடித்துத் தடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 38 அங்குலம் திறக்கும். நடுப்பலகைகளுக்கு வேண்டியது 36-தான். பலகைகள் மட்டமாகச் சேர அவற்றின் ஓரத்தில் துருத்தும் குச்சிகள் இடிக்காமல் பலகையை இறக்க அந்தக் கூடுதல் இரண்டு அங்குலம்.

சட்டத்தின் உயரம் 2 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கனம் ஒன்றேகால் போதும். தாங்குவது உயரம்தான்.

ஸ்லைடுக்கு எந்த மரம் நல்லது?

தேக்கு. அதில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால் மரத்தின்மேல் மரம் வழுக்கும், ஈரக்காற்றில் மற்ற பல மரங்களைவிடக் குறைவாகவே உப்பிச் சுருங்கும். பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கும் கதவு நிலைத் தேக்கு இருந்தால் இன்னும் நல்லது. அது காய வேண்டியதெல்லாம் காய்ந்து முடிந்த மரம். ஆணித் துளைகளைத் தவிர்த்துச் சட்டம் அறுக்கச் சொல்லுங்கள்.

நம் மாவட்டத்தில் கரிமூட்டத்துக்குப் போகும் சீமைக்கருவேலத்தை யாரும் மரமாக மதிப்பதில்லை. உண்மையில் அது கெட்டியானது, காய்ந்தபின் அசைவு மிகக் குறைந்த மரம், ஸ்லைடுக்கு அருமையான குணம். ஆனால் கோணல் இல்லாமல், முடிச்சு இல்லாமல் 44 அங்குலம் தேடி எடுப்பதற்குள் பொழுது போய்விடும். தடுப்புக் குச்சிக்கும் பலகைக் குச்சிக்கும் அதைப் பயன்படுத்தலாம்.

பனஞ்சட்டம் வேண்டாம். சுமை தாங்குவதில் அதற்கு நிகரில்லை என்றாலும், நார் நாராக எழும்பும். காடி எடுத்தால் ஓரம் பிசிறும்.

கியர் வைத்த இரும்பு ஸ்லைடு என்று ஒன்று விற்கிறார்கள். அது யாருக்கு?

நடுவில் ஒற்றைத் தூண்கால் உள்ள மேசைக்கு. அங்கே கால் நகராது, மேல் பலகையின் இரண்டு பாதியும் மட்டும் விலகும். ஒரு பாதி அதிகமாகவும் மற்றது குறைவாகவும் போனால் எடை ஒரு பக்கம் சாய்ந்து மேசையே கவிழும். அதைத் தடுக்க, ஸ்லைடுக்குள் பல்சக்கரம் ஒன்றும் அதன் இருபுறமும் பல்பட்டையும் இருக்கும். ஒரு பாதியை இழுத்தால் எதிர்ப்பாதியும் அதே அளவு தானே விலகும். ஸ்லைடின் நடு உறுப்பைத் தூண்காலின் தலையில் முடுக்க வேண்டும்.

நாலு காலும் பாதிகளோடு சேர்ந்து நகரும் மேசைக்கு இந்தக் கியர் தேவையில்லை. தீங்கும் இல்லை, ஆனால் கடற்கரையில் பல்லுக்குள் மணல் புகுந்து அரைபடும் ஒரு பாகத்தைக் காசு கொடுத்து வாங்குவானேன்? தூண்கால் மேசை உள்ளவர்கள் மட்டும் வாங்குங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் இரண்டு அளவைப் பாருங்கள்: மூடிய நீளம், திறக்கும் அளவு. முதலாவது மேசையின் உள்நீளத்துக்குள் அடங்க வேண்டும், இரண்டாவது நடுப்பலகைகளின் மொத்த அகலத்தைவிட ஓரிரு அங்குலம் கூட இருக்க வேண்டும்.

ஸ்லைடை மாட்டும்போது எதை முக்கியமாகப் பார்க்க வேண்டும்? ஆசாரி பக்கத்தில் நின்று நானும் பார்க்க நினைக்கிறேன்.

நின்று பாருங்கள், நல்லது. மேல் பலகையின் இரண்டு பாதியையும் தரையில் போர்வை விரித்துக் கவிழ்த்துப் போட்டு, நடுவில் குச்சியும் துளையும் சேர இறுக்கி மூடுவார். இரண்டு ஜோடி ஸ்லைடையும் 18 முதல் 20 அங்குல இடைவெளியில் வைப்பார். இந்த இடைவெளியை இரண்டு முனையிலும் அளக்கச் சொல்லுங்கள். ஒரு முனையில் 18, மறுமுனையில் 18-க்கு மேல் ஒரு நூல் என்றால்கூட மேசை திறக்கத் திறக்க இறுகும். நடுக்கோட்டிலிருந்து இரண்டு ஜோடிக்கும் சம தூரம் என்பதையும் ஒருமுறை சரிபாருங்கள்.

அடுத்தது பலர் விட்டுவிடுவது. ஸ்லைடை முழுக்க மூடிய நிலையில் வைத்து ஸ்க்ரூ முடுக்கக் கூடாது. ஒரு நூல், அதாவது 3 மில்லிமீட்டர், திறந்த நிலையில் வைத்து முடுக்க வேண்டும். அப்போதுதான் பின்னால் மேசையை மூடும்போது மேல் பலகைகள் முதலில் முட்டும், ஸ்லைடு அதற்கப்புறம். தலைகீழானால் ஸ்லைடு முட்டிவிடும், பலகை சேராது.

பிறகு எந்தச் சட்டம் எந்தப் பாதியில் என்பது. இடப்பக்கச் சட்டம் 44 அங்குல நீளம் என்றால் அதில் 22 அங்குலம் வலப்பாதியின் அடியில் இருக்கும். அந்தப் பகுதியில் ஒரு ஸ்க்ரூவும் ஏறக் கூடாது. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் கவிழ்த்துப் போட்ட மேசையில் ஆறு சட்டம் வரிசையாகப் படுத்திருக்கும்போது கை தவறுவது சுலபம். இடதுக்கு ஒரு நிறச் சாக்பீஸ், வலதுக்கு வேறு நிறம் என்று கோடு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஸ்க்ரூவின் நீளத்தையும் பாருங்கள். சட்டத்தின் உயரம் 2 அங்குலம் என்பதால் தலை உள்ளே இறங்கும்படி ஆழத் துளை போட்டு, மேல் பலகைக்குள் முக்கால் அங்குலம் மட்டும் ஏறும்படி முடுக்க வேண்டும். ஓர் அங்குலப் பலகையில் அதற்கு மேல் போனால் முனை மேலே எட்டிப்பார்க்கும்.

மேல் பலகையின் நார் ஸ்லைடு ஓடும் திசையிலேயே போனால் சாதாரண துளை போதும். நார் குறுக்கே போனால் சட்டத்தில் உள்ள துளைகளை நீள்வட்டமாக எடுத்து வாஷர் போட்டு முடுக்க வேண்டும். மரம் நாருக்குக் குறுக்கே உப்பும், ஸ்லைடு அந்தத் திசையில் உப்பாது. இறுக்கிப் பிடித்தால் பலகை வெடிக்கும்.

மேசையை மூடினால் நடுவில் ஒரு நூல் சந்து நிற்கிறது. அழுத்தித் தள்ளினாலும் சேரவில்லை.

சந்து முழு அகலத்துக்கும் ஒரே அளவா என்று பாருங்கள். ஒரே அளவென்றால் மேலே சொன்ன 3 மில்லிமீட்டரை விடாமல் முடுக்கியிருக்கிறார்கள். ஒரு பாதியிலுள்ள ஸ்க்ரூக்களைக் கழற்றி, அந்தச் சட்டங்களை ஒரு நூல் வெளிப்பக்கம் நகர்த்தி, புதுத் துளையில் முடுக்கினால் தீர்ந்தது. பழைய துளையில் பசை தடவிய குச்சியை அடித்து அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புது ஸ்க்ரூ பழைய துளைக்கே சரியும்.

ஒரு முனையில் சேர்ந்து மறுமுனையில் விரிந்தால் ஸ்லைடுகள் இணையாக இல்லை, அல்லது வெட்டிய ஓரம் நேராக இல்லை. கண்டுபிடிக்க வழி சுலபம்: ஸ்லைடைக் கழற்றிவிட்டு இரண்டு பாதியையும் தரையில் சேர்த்துப் பாருங்கள். அப்போதும் விரிந்தால் ஓரத்தை இழைக்க வேண்டும்.

நன்றாகச் சேர்ந்துகொண்டிருந்த மேசையில் திடீரென்று சந்து விழுந்தால் குச்சித் துளைக்குள் ஏதோ அடைந்திருக்கும். இங்கே அது பெரும்பாலும் மணல்.

ஆசாரி பட்டறையில் விரலால் இழுத்துக் காட்டினார். வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேர் இழுத்தாலும் சிக்குகிறது. ஏமாற்றிவிட்டாரா?

அவரைத் திட்டுமுன் தரையைப் பாருங்கள். பழைய வீடுகளில் கழுவிவிடும் தண்ணீர் ஓட வேண்டும் என்று கூடத்தின் தரையை முற்றத்தைப் பார்த்துச் சாய்த்தே போட்டிருப்பார்கள். நாலு காலில் ஒன்று உயர்ந்து நின்றால் சாதாரண மேசை ஆடும், அவ்வளவுதான். வெட்டிய மேசையில் ஒரு பாதி மற்றதைவிட முறுக்கி நிற்கும். நாக்கு காடிக்குள் கோணலாக இறுகிவிடும்.

ரசமட்டத்தை ஒவ்வொரு பாதியிலும் குறுக்காக வைத்துப் பாருங்கள். இரண்டு பாதியும் ஒரே பக்கம் ஒரே அளவு சாய்ந்தால் பரவாயில்லை. ஒன்று இப்படியும் மற்றது அப்படியும் சாய்ந்தால்தான் சிக்கல். காலின் அடியில் திருகி உயர்த்தும் புஷ் போட்டுவிட்டால் தீரும். மேசையை இன்னோர் இடத்துக்கு நகர்த்தினால் மறுபடி திருக வேண்டியிருக்கும்.

இழுக்கும் விதமும் உண்டு. இரண்டு முனையிலும் ஆளுக்கு ஒருவர், பலகையின் நடுவில் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மூலையைப் பிடித்து இழுத்தால் எந்த ஸ்லைடும் சிக்கும்.

பரணில் வைத்திருந்த நடுப்பலகையைப் பெருநாளன்று எடுத்துப் போட்டால் மேசையைவிட அகலம் குறைவாக இருக்கிறது. ஓரத்தில் படிபோல் தெரிகிறது. ஒரே மரத்தில்தானே செய்தோம்?

ஒரே மரம்தான், ஆனால் இரண்டும் வேறு வேறு காற்றில் இருந்திருக்கின்றன. பரண் வெயிலில் சுடும் கூரைக்கு அடியில் இருக்கிறது. அங்கே மரம் காய்கிறது. மேசை கீழே கடல்காற்றில் நிற்கிறது, ஈரத்தை வாங்குகிறது. மர வளையங்களைத் தொட்டாற்போல் தட்டையாக அறுத்த தேக்குப் பலகையில், 36 அங்குல அகலத்துக்கு, மரத்தின் ஈரம் 3 சதவீதம் வேறுபட்டால் அகலம் சுமார் 5 மில்லிமீட்டர் மாறும். விரல் தடவினால் தெரியும் அளவு அது. மரத்தின் நடுவிலிருந்து ஆரக்கால் திசையில் அறுத்த பலகையில் இதில் பாதிதான் மாறும்.

ஆகவே நடுப்பலகையை மேசை இருக்கும் அறையிலேயே வையுங்கள். அலமாரிக்குப் பின்னால் சுவரோரம் செங்குத்தாக, சுவரைத் தொடாமல், இரண்டு முகத்திலும் காற்றுப் படும்படி. கட்டிலுக்கு அடியில் படுக்கப் போட்டால் தரையைப் பார்த்த முகம் மட்டும் ஈரம் வாங்கி வளையும். பாலிஷையும் மேலே மட்டும் அடித்துவிட்டு அடிப்பக்கத்தை வெறுமையாக விட வேண்டாம். இரு முகத்துக்கும் ஒரே மாதிரி அடித்தால்தான் இரண்டும் ஒரே வேகத்தில் ஈரம் வாங்கும். இப்போது சுருங்கியிருக்கும் பலகையை இழைத்துவிடாதீர்கள். கீழே இறக்கி வைத்துச் சில வாரம் பொறுங்கள், பெரும்பகுதி தானே சேரும்.

இந்த அசைவு குச்சிகளையும் பாதிக்கும். 36 அங்குல ஓரத்துக்கு மூன்று குச்சி போதும். நடுக்குச்சியின் துளை மட்டும் சிக்கென்று இருக்கட்டும். ஓரத்து இரண்டு துளைகளையும் பக்கவாட்டில் ஓரிரு மில்லிமீட்டர் நீளமாக எடுத்துவிட்டால் எந்தப் பருவத்திலும் சேரும். குச்சி வெளியே துருத்துவது அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம், முனை உருண்டையாக இருக்கட்டும். எல்லாப் பலகையிலும் குச்சி ஒரே பக்கம், துளை எதிர்ப்பக்கம் என்று வைத்து, ஒரே அச்சுக் கட்டையை வைத்து எல்லாத் துளையும் போட்டால் எந்தப் பலகையை எந்த இடத்தில் போட்டாலும் பொருந்தும்.

வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, இரும்பு ஸ்லைடு துருப்பிடித்துவிட்டது. மழையே பெய்யாத ஊரில், வீட்டுக்குள் இருக்கும் மேசை எப்படித் துருப்பிடிக்கும்?

மழை வேண்டியதில்லை, உப்பு போதும். காற்றோடு வரும் கடலுப்புத் தூள் இரும்பின்மேல் படிகிறது. சாப்பாட்டு உப்பே காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே பிசுபிசுக்கும். கரையோரத்தில் இரவு தோறும் ஈரம் ஏறுகிறது. உங்கள் ஸ்லைடு தினமும் இரவில் உப்புத் தண்ணீரில் நனைகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிப்பைச் சோதிக்க இந்தக் கரையிலுள்ள மண்டபம் ஊரைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றதற்கும் இந்தத் துருவே காரணம்.

கடையில் வெள்ளையாக மின்னும் ஸ்லைடுகளின்மேல் இருப்பது மெல்லிய துத்தநாகப் பூச்சு. முதலில் அதன்மேல் வெள்ளைப் பொடி பூக்கும். அது பூச்சு கரைகிறது என்பதற்கு அடையாளம். அந்த நிலையில் பார்த்துவிட்டால் காப்பாற்றலாம். செம்பழுப்புப் புள்ளி வந்துவிட்டால் பூச்சு போய் இரும்பு தெரிகிறது என்று பொருள். குண்டு உருளும் பாதையில் அப்படி வந்தால் மாற்றுவதுதான் வழி.

துடைப்பதில் ஒரு விஷயம்: கிணற்று உவர் தண்ணீரில் துடைக்காதீர்கள், உப்பை எடுத்துவிட்டு உப்பை வைப்பதாகிவிடும். குடிக்கிற நல்ல தண்ணீரில் துணியைப் பிழிந்து துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஈரம் போகத் துடைத்து, அதன்பிறகு கைபடாத அளவு மெல்லிசாக வெள்ளைக் கிரீஸ். ஆடிக் காற்று ஓய்ந்ததும் ஒரு தடவை, ஐப்பசி மழைக்குப்பின் ஒரு தடவை போதும்.

மரச்சட்டம் போட்டவர்களுக்கும் ஸ்க்ரூ இரும்புதான். அவற்றையாவது எவர்சில்வரில், 304 ரகத்தில், வாங்குங்கள். தனுஷ்கோடிச் சாலைப் பக்கம், பாம்பன், தங்கச்சிமடம் என்று அலைக்கு மிக அருகில் வீடிருந்தால் 304-லும் தேநீர்க் கறைபோல் பழுப்பு படியும். அது அழகைத்தான் கெடுக்கும், பிடியைக் கெடுக்காது. 316 ரகம் கிடைத்தால் அந்தக் கறையும் குறையும்.

மரச்சட்டம் இறுகினால் தேங்காய் எண்ணெய் விடலாமா?

வேண்டாம். நாளாக ஆகக் காறல் வாடை அடிக்கும், மணலைப் பிடித்துவைக்கும், எறும்பும் வரும். கிரீஸும் அப்படியே. மணல் கலந்த கிரீஸ் காடியைத் தேய்த்துத் தின்றுவிடும். முதலில் பெயிண்ட் பிரஷால் காடியைத் துடைத்து, வெள்ளை மெழுகுவர்த்தியை நாக்கின் இரு சாய்விலும் அழுத்தித் தேய்த்து, நாலைந்து முறை திறந்து மூடுங்கள். போதும்.

இரண்டு பலகையும் போட்டால் நடுவில் தொய்கிறது. ஐந்தாவது கால் வைக்க வேண்டுமா?

எவ்வளவு தொய்கிறது என்று நூல் கட்டிப் பாருங்கள். மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூலை இழுத்துப் பிடித்தால் நடுவில் இறக்கம் தெரியும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறக்கம் சாப்பிடுபவர்களுக்குத் தெரியாது. அதற்கு மேல் போனால் காடியில் ஆட்டம் கூடிவிட்டது அல்லது பிடிப்பு குறைவு.

நல்ல ஆசாரி இதை முன்கூட்டியே ஈடுகட்டிவிடுவார். திறந்த நிலையில் சுமையில்லாதபோது நடு இரண்டு மில்லிமீட்டர் மேலே எழும்பி நிற்கும்படி சட்டங்களைச் சேர்ப்பார். பாத்திரங்களும் கைகளும் ஏறியதும் அது மட்டத்துக்கு வரும். புது மேசையில் நடு கொஞ்சம் கூன்போல் தெரிந்தால் குறை என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

இருக்கும் மேசையில் தொய்வைச் சரிசெய்ய, சட்டத்துக்கும் மேல் பலகைக்கும் இடையில், மேசை பிரியும் நடு ஓரத்தின் பக்கம், தடித்த அட்டை அளவுக்கு ஒரு மெல்லிய தகடு செருகி முடுக்கிப் பாருங்கள். அந்த ஓரத்தில் பலகை சட்டத்தைவிட்டு உயர்ந்தால் மேசையின் நடு எழும்பும்.

மூன்றடித் திறப்புக்கு, மூன்று சட்டம், 26 அங்குலப் பிடிப்பு என்று இருந்தால் ஐந்தாவது கால் தேவையில்லை என்பதே என் முடிவு. நாலடிக்கு மேல் திறந்தால் வையுங்கள். அதை நடுச்சட்டங்களைச் சேர்க்கும் குறுக்குக் கட்டையில் கீல் போட்டு மடக்கிவைக்கலாம். தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் உயரமே சரி. அழுத்தி முட்டுக்கொடுத்தால் மேசை அந்தக் காலில் ஏறி நாலு மூலையும் ஆடும்.

அடியில் கொண்டி எதற்கு? எடையிலேயே மூடி நிற்கிறதே.

நிற்கும், யாராவது நகர்த்தும்வரை. கொண்டி போடாத மேசையை இரண்டு பேர் இரு முனையிலும் பிடித்துத் தூக்கினால் நடுவில் பிளந்து ஸ்லைடுகள் முறுகும். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, பலகை ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி, மடக்கினால் இழுத்து இறுக்கும் வகைக் கொண்டியாகப் போடுங்கள். நடுப்பலகை ஒவ்வொன்றின் இரு ஓரத்திலும் அதே இடத்தில் கொண்டி வர வேண்டும்.

வாப்பா காலத்துத் தேக்கு மேசை ஒன்று இருக்கிறது. அதை நடுவில் அறுத்து நீளும் மேசையாக மாற்றலாமா?

மாற்றலாம், மேசை அதற்கு ஏற்றதாக இருந்தால். முதலில் கவிழ்த்துப் பாருங்கள். மேல் பலகை ஓர் அங்குலக் கனமாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்க்ரூ பிடிக்காது. பக்கச் சட்டத்தின் உயரம் மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால் 2 அங்குல ஸ்லைடு உள்ளே மறையும். நாலங்குலத்தைத் தாண்டினால் நாற்காலியில் உட்கார்பவரின் தொடை இடிக்கும்.

அறுப்பதைவிடப் பெரிய வேலை அதற்கப்புறம் இருக்கிறது. இதுவரை நாலு பக்கச் சட்டமும் சேர்ந்து பெட்டியாக நின்று கால்களைப் பிடித்திருந்தன. அறுத்ததும் ஒவ்வொரு பாதியும் மூன்று பக்கம்தான், ஒரு வாய் திறந்துகிடக்கும். இழுக்கும்போது கால்கள் மூலையில் முறுக்கும், பழைய பசை விட்டுவிடும். ஆகவே அறுக்குமுன்பே நாலு மூலையிலும் உள்பக்கம் குறுக்குக் கட்டை வைத்துப் பசையும் ஸ்க்ரூவும் போட்டு இறுக்க வேண்டும். வெட்டு விழும் இடத்துக்கு இரு பக்கமும், சட்டத்திலிருந்து சட்டத்துக்கு, மேல் பலகைக்கு அடியில் ஒரு தட்டைக் கட்டை ஓட வேண்டும். அதில் ஸ்லைடு நுழைய வாய் எடுத்துக்கொள்ளலாம்.

நடுப்பலகைக்குப் பழைய தேக்குக் கிடைக்காவிட்டால் நிறம் ஒத்துவராது. ஒரு வழி, IS 710 முத்திரையுள்ள, தண்ணீர் தாங்கும் ப்ளைவுட்டில் தேக்கு வெனீர் ஒட்டி, நாலு ஓரத்திலும் தேக்குப் பட்டை அடித்துச் செய்வது. ப்ளைவுட் அகலத்தில் உப்பாது, பழைய மேசையோ உப்பிச் சுருங்கும். அதனால் பலகையின் அகலத்தை மேசை சுருங்கியிருக்கும் மாதத்திலோ உப்பியிருக்கும் மாதத்திலோ அளந்து வெட்டாமல், நீங்கள் விருந்து வைக்கும் மாதத்தில் அளந்து வெட்டுங்கள். பெருநாள் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்வதால், ஓரத்தைக் கூராக விடாமல் கொஞ்சம் உருட்டிவிட்டால் ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணில் படாது.

தேக்கில் பசை ஒட்டும் இடத்தை ஒட்டுமுன் தின்னரில் நனைத்த துணியால் துடைக்கச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் கட்டை இரண்டு வருடத்தில் கையோடு வந்துவிடும்.